தலைப்பு கொடுத்ததும் நாம் கொண்டுவந்ததும்

(பாடாலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு எழுதிய எவருக்கும் இரண்டு வினாக்கள் மறந்திருக்காது. ஒன்று, ஒரு படத்தைப் போட்டு ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று கேட்கும் 5 மதிப்பெண் வினா. இன்னொன்று 8 மதிப்பெண் கட்டுரை. முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடியும் குறிப்புகளை வரிசையாகக் கொடுத்து, அவற்றை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். பள்ளியை விட்ட பிறகு தாளில் ஒரு பத்தி கூட எழுதியிராதவர்கள் நம்மில் நிறைய பேர். அவர்களுக்கெல்லாம் கட்டுரை என்றால் இன்றைக்கும் அந்தக் குறிப்பு வரிசைதான்.

எழுதத் தொடங்குவதற்காக வெளியிலிருந்து கொடுக்கப்படும் இப்படிப்பட்ட எதையும் இந்தப் பேச்சில் ‘தூண்டல்’ என்று குறிப்பிடுகிறேன். தலைப்பு, படம், முதல் வரி, ஈற்றடி, குறிப்புச் சட்டகம் எல்லாம் இதில் அடங்கும். வெற்றுத்தாளைப் பார்த்து உறைந்துபோகிறவனுக்குத் தூண்டல் வேண்டும், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது ஓர் இடம் வருகிறது. நமக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. தூண்டல் நம்மை வேறு பக்கம் இழுக்கிறது. பெரும்பாலும் நமக்கே தெரியாமல் அதன் பின்னால் போய்விடுகிறோம். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது.

தூண்டலுக்கு எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. சபையில் ஒருவர் ஈற்றடி கொடுக்க, புலவர் மேலே உள்ள அடிகளைப் பாடி வெண்பாவை நிறைவு செய்வது நெடுங்கால வழக்கம். அவதானக் கலையில் இது ஓர் அங்கமாகவே இருந்தது. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து அந்தப் பட்டத்தோடு ஊர் திரும்பினார். அவருக்கு முன்னோடி என்று சொன்னால் நம் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறவர் காளமேகம். ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடியும்படி பாடச் சொன்னபோது அவர் முருகனைப் பாடிவிட்டார் என்று தனிப்பாடல் கதை சொல்கிறது. செருப்பு அங்கே போர்க்களம் ஆகிறது, விளக்குமாறு விளக்கம் கேட்பது ஆகிறது.

ஈற்றடி கையில் கிடைத்ததும் புலவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வெண்பாவின் கடைசி அடிக்கு மூன்று சீர்தான். அதன் முதற்சீரைப் பார்த்து மூன்றாம் அடிக்கு எதுகை தேடுகிறார். மூன்றாம் அடியின் கடைசிச் சீர், ஈற்றடியின் முதற்சீரோடு தளை தட்டாமல் வந்து சேர வேண்டும். அதற்கேற்ற சொல்லைப் பிடிக்கிறார். பிறகுதான் மேலே போகிறார். பாட்டு கீழிருந்து மேலே கட்டப்படுகிறது. இந்தத் தூண்டல் ஓசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பொருளை ஏறக்குறைய அவர் கையில் விட்டுவிடுகிறது. முருகனைப் பாடலாம், மோர்க்காரியைப் பாடலாம், சோறு போடாத சத்திரத்தைப் பாடலாம். கட்டு வடிவத்தில் இருப்பதால் அது கண்ணுக்குத் தெரிகிறது. தளை தட்டினால் சபையே சொல்லிவிடும்.

நம்முடைய தேர்வுக் குறிப்புகள் இதற்கு நேர் எதிர். ஓசையைப் பற்றியோ வாக்கியத்தைப் பற்றியோ அவை ஒன்றும் கேட்பதில்லை. எதை நினைக்க வேண்டும், எதற்குப் பிறகு எதை நினைக்க வேண்டும் என்பதைத்தான் அவை கட்டிவைக்கின்றன. இந்தக் கட்டு கண்ணுக்குத் தெரியாது. நாமாக நினைத்து எழுதுகிறோம் என்ற எண்ணத்திலேயே எழுதி முடித்துவிடுவோம். அதனால்தான் ஈற்றடியைவிட இதில் விழிப்பு அதிகம் வேண்டியிருக்கிறது.

இன்னொரு பழைய எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்பது மரபு. கொடுக்கப்பட்டது ஒரு வேலை, எடுத்துக்கொண்டது ஒரு துறை: அறத்தொடு நிற்றல். தலைவியின் காதலைத் தோழி செவிலித்தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் துறை கேட்பது. கபிலர் 261 அடி பாடினார். அதன் நடுவில் பெண்கள் பூப்பறித்துப் பாறையில் குவிக்கும் இடம் வருகிறது. துறைக்கு ஐந்தாறு பூ போதும். கபிலர் 99 பூக்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். செவிலிக்கு இந்தப் பட்டியல் எதற்கு? தோழியின் வாதத்துக்கு இது ஒரு துளியும் வலுச் சேர்க்கவில்லை. என் வாசிப்பில், கபிலர் தாம் சொல்ல விரும்பியதைச் சொன்ன இடம் அதுதான். மலையை நேரில் அறிந்த ஒருவர் அங்கே நின்றுவிட்டார். ஆனால் துறையை அவர் கைவிடவில்லை. பூக்களிலிருந்து திரும்பி வருகிறார், தலைவன் வருகிறான், களிறு வருகிறது, தோழி சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறாள். துறை அவரை உள்ளே அழைத்துவந்தது, உள்ளே வந்தபின் எங்கே நிற்பது என்பதை அவரே முடிவு செய்தார். கொடுத்த வேலையும் கெடவில்லை, மலையும் விட்டுப்போகவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தப் பகுதிப் பிள்ளைகள் சிலரோடு எழுத்துப் பயிற்சி நடத்தியபோது கண்ட ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவியின் பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம். அவள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் சின்ன வெங்காயச் சாகுபடி. செட்டிகுளம், ஆலத்தூர், பாடாலூர்ப் பக்கம் இது வியப்பில்லை. நான் கொடுத்த தூண்டல், தேர்வில் வருகிற மாதிரியே இருந்தது. பொருள் உழவர். குறிப்புகள்: முன்னுரை, உழவின் சிறப்பு, உழவர் படும் துன்பம், அரசின் உதவிகள், நம் கடமை, முடிவுரை.

பிள்ளை எழுதிய முன்னுரையை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். உழவன் நாட்டின் முதுகெலும்பு, உழவன் சேற்றில் கால் வைத்தால்தான் நாம் சோற்றில் கை வைக்க முடியும். இரண்டாம் பத்தியில் ஒரு குறள். எழுத்துப் பிழை இல்லை, கையெழுத்து முத்து. மூன்றாம் பத்தி இது:

“எங்கள் பகுதியில் வெங்காயம் போட்ட உழவர்கள் விலை கிடைக்காமல் துன்பப்படுகிறார்கள். பட்டறையில் வைத்தாலும் அழுகிவிடுகிறது. அழுகும் இடம் சூடாக இருக்கும், என் கைதான் படல் சந்துக்குள் போகும். எனவே அரசு குளிர்பதனக் கிடங்குகள் அமைத்துத் தர வேண்டும்.”

வெளியூர் அன்பர்களுக்காக ஒரு சொல். பட்டறை என்று இங்கே சொல்வது வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் அமைப்பை. அடியில் கல் அடுக்கி, தரை ஈரம் ஏறாதபடி மேலே குச்சிகளைப் பரப்பி, இரு பக்கமும் காற்று ஊடுருவும்படி படல் கட்டி, மேலே கீற்று வேய்வார்கள். அகலம் குறைவாகவும் நீளம் அதிகமாகவும் இருக்கும், காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போக வேண்டுமே. விலை வரும் வரைக்கும், அல்லது அடுத்த நடவுக்கு விதை வெங்காயமாக எடுக்கும் வரைக்கும் அதில் கிடக்கும். உள்ளே ஓரிடத்தில் அழுகல் பிடித்தால் பக்கத்தில் பரவும். வெளியே நாற்றம் வரும்போது பாதி போயிருக்கும்.

இப்போது அந்தப் பத்தியை மறுபடி படியுங்கள். மூன்றாவது வாக்கியத்துக்கும் நான்காவது வாக்கியத்துக்கும் நடுவில் ஓர் ‘எனவே’ இருக்கிறது. என் கை படல் சந்துக்குள் போகும், எனவே அரசு கிடங்கு கட்ட வேண்டும். இது ஒட்டவில்லை. பிள்ளைக்குத் தருக்கம் தெரியாமல் இப்படி எழுதவில்லை. குறிப்பு வரிசையில் அடுத்து ‘அரசின் உதவிகள்’ காத்துக்கொண்டிருந்தது. அவள் கை பட்டறைக்குள் இருந்தபோது குறிப்பு அவளைப் பிடித்து வெளியே இழுத்தது. இழுத்த தடம்தான் அந்த ‘எனவே’.

இழுப்பைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த முதல் வழி இது. எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது இணைப்புச் சொற்களைப் பாருங்கள். எனவே, ஆகவே, இவ்வாறாக, இது ஒருபுறமிருக்க. இவற்றில் எது முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களை உண்மையில் சேர்க்கிறது, எது வெறுமனே தாவுவதற்குப் பலகை போடுகிறது என்று கேளுங்கள். பலகை போட்ட இடத்துக்கு ஒரு வாக்கியம் முன்னால் போய்ப் பாருங்கள். நீங்கள் விட்டுவிட்டு வந்தது பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

இரண்டாவது வழி, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய வாக்கியங்களைப் பென்சிலால் அடைப்புக்குள் போடுவது. முதுகெலும்பு வாக்கியத்தைத் தஞ்சாவூர்ப் பிள்ளையும் எழுதும், தருமபுரிப் பிள்ளையும் எழுதும். அடைப்புக்குள் வராமல் எஞ்சி நிற்கும் வாக்கியம் அந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான். கை போகிற வாக்கியம். நல்ல ஆசிரியர் பலர் இந்த வாக்கியத்தைத்தான் சிவப்பு மையால் அடிப்பார்கள், தலைப்புக்குத் தொடர்பில்லை என்று. தேர்வுக் கண்ணோட்டத்தில் அவர்கள் செய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கோடு அந்தப் பிள்ளைக்கு வேறொன்றையும் கற்றுக்கொடுக்கிறது: உனக்கு மட்டும் தெரிந்தது இங்கே எடுபடாது என்று.

அவளிடம் கேட்டேன், “ஏம்மா, அந்தக் கை யாரோட கை?”

“என் கைதான் சார்.”

“எதுக்கு உள்ளே விடுவே?”

“சூடு பார்க்க சார். அப்பா கை போகாது.”

தலைப்பையும் குறிப்புகளையும் மடித்து வைத்துவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் புதுத்தாளின் மேலே எழுதிக்கொண்டு, அதிலிருந்து நிறுத்தாமல் எழுதச் சொன்னேன். பத்து நிமிடம். பிழை பார்க்க வேண்டாம், அடிக்க வேண்டாம், கை நிற்கக்கூடாது, சொல் வராவிட்டால் முந்தின சொல்லையே திரும்ப எழுதலாம். இந்த முறை என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க ஆசிரியர் பீட்டர் எல்போ 1973இல் வெளியிட்ட நூலொன்றில் இதை விரிவாகச் சொல்லிப் பரப்பினார். அவர் சொன்னதில் பலர் மறந்துவிடும் பாதி ஒன்று உண்டு. நிறுத்தாமல் எழுதுவது முதல் படி மட்டுமே. எழுதி முடித்த பிறகு, அந்தக் குவியலின் கனம் எந்த இடத்தில் கூடியிருக்கிறது என்று தேடி எடுத்து, அதை ஒரு வாக்கியமாக்கி, அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தேடாமல் விட்டால் பத்து நிமிடக் கிறுக்கல்தான் மிஞ்சும்.

அவளுடைய இரண்டாம் தாளில் பட்டறை போட்ட விதம், அப்பாவின் டார்ச் விளக்கு, படலில் கீறிக்கொண்ட முழங்கை என்று எல்லாம் கலந்து கிடந்தன. கனம் இருந்த இடம் தாளின் கடைசியில், தம்பியைப் பற்றிய அரை வரியில் இருந்தது. அதை எடுத்து மூன்றாம் முறை எழுதினாள்:

“பட்டறை போட்டு கொஞ்ச நாள் ஆனதும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் கை உள்ளே போகாது. நான் படலுக்குள் கையை விட்டு, இங்கே சூடு, இங்கே இல்லை என்று சொல்வேன். நான் சூடு என்று சொன்ன இடத்தைப் பிரித்தால் அழுகல் இருக்கும். ஒரு தடவையும் தப்பியது இல்லை. இந்த வருசம் என் கை முழங்கை வரைக்கும்தான் போகிறது. அப்பா தம்பியைக் கூப்பிட்டார். அவன் எல்லா இடத்தையும் சூடு என்கிறான்.”

உழவரின் துன்பம் பற்றி அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. வெங்காயத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்த நாளில் அவள் மனத்தில் இருந்தது விலை அல்ல. வீட்டில் தன்னால் மட்டுமே முடிந்த வேலை ஒன்று கைநழுவிப் போனது. கை வளர்ந்துவிட்டது என்பதற்காகப் போனது. இதற்கு எந்தக் குறிப்பு வரிசையிலும் இடம் கிடையாது. உழவின் சிறப்பு என்று எழுத முடியாது, துன்பம் என்றும் எழுத முடியாது.

அதே வேளையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘உழவர் படும் துன்பம்’ என்ற குறிப்பு இல்லாமல் இருந்தால் அந்தக் கை தாளுக்கு வந்திருக்காது. ‘உனக்குப் பிடித்ததை எழுது’ என்று விட்டிருந்தால் அவள் பொங்கல் விழா எழுதியிருப்பாள், அல்லது தோழியைப் பற்றி எழுதியிருப்பாள். குறிப்பு அவளைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனது. கூட்டிக்கொண்டு போனதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு வாக்கியம் அதிகமாக அது உடன் வந்ததுதான் சிக்கல்.

ரிச்சர்ட் ஹ்யூகோ என்று ஓர் அமெரிக்கக் கவிஞர் இருந்தார். 1979இல் வந்த தம் கட்டுரை நூலில் அவர் இதையே கவிதைக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு கவிதைக்கு இரண்டு பொருள்கள் உண்டு என்பது அவர் எண்ணம். எழுதத் தூண்டிவிடும் பொருள் ஒன்று, எழுதும்போது உருவாகி வரும் உண்மையான பொருள் மற்றொன்று. இளங்கவிஞர்கள் தூண்டிய பொருளை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். தலைப்பு ‘இலையுதிர் மழை’ என்று போட்டுவிட்டால் கடைசி வரை மழையைப் பற்றியே பேசியாக வேண்டும் என்று நினைக்கிறார்கள் என்கிறார். அவர் கவிஞர்களுக்குச் சொன்னது நம் எட்டு மதிப்பெண் கட்டுரைக்கும் பொருந்துவதை அந்தப் பிள்ளையின் தாளில்தான் நான் கண்டேன்.

இனி இதற்கு மறுபக்கம். தூண்டலை விட்டு விலகினாலே நாம் நம் பொருளுக்கு வந்துவிட்டோம் என்று எண்ணிவிடக்கூடாது. சில சமயம் தூண்டல் சரியான இடத்தைத் தொட்டுவிடும், வலிக்கும், நாம்தான் ஓடுவோம். பெரியவர்களோடு நடந்த ஒரு பயிற்சியில் ‘முதல் சம்பளம்’ என்று கொடுத்தோம். ஒருவர் இரண்டே வரி எழுதினார்: சம்பளத்தை அண்ணனிடம் கொடுத்தேன், அண்ணன் எண்ணிப் பார்க்காமல் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த வரியிலிருந்து இன்றைய இளைஞர்களின் ஊதாரித்தனத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அவரைக் கேட்டால், தலைப்பு என்னைக் கட்டிப்போட்டது, அதனால் விரிவாக்கிக்கொண்டேன் என்றார்.

மாணவியும் விலகினாள், இவரும் விலகினார். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நான் பார்ப்பது திசையை. அவள் பொதுவிலிருந்து குறிப்பானதற்குப் போனாள். உழவரிலிருந்து தன் கைக்கு. இவர் குறிப்பானதிலிருந்து பொதுவுக்குப் போனார். அண்ணனின் சட்டைப் பையிலிருந்து இளைய தலைமுறைக்கு. விலகும்போது பெயர்ச்சொற்கள் சிறுத்துக்கொண்டே வந்தால், அதாவது சமூகம் குடும்பமாகி, குடும்பம் ஒரு கையாகி வந்தால், நாம் நம் பொருளை நெருங்குகிறோம். அவை பெருத்துக்கொண்டே போனால் பெரும்பாலும் எதையோ விட்டு ஓடுகிறோம். விதிவிலக்கு உண்டு. சிறுசிறு விவரங்களையே அடுக்கிக்கொண்டு முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் தப்பிக்கும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் எழுதப் பழகுகிறவர்களிடம் இந்தச் சோதனை பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

அந்தப் பெரியவரிடம் சட்டைப் பை வரியைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அதை எழுத வேண்டாங்க, அண்ணன் இருக்காரு” என்றார். அது அவருடைய உரிமை. தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் இழுத்துச் செல்லப்படுவது வேறு. அவர் இளைஞர் பகுதியையும் கிழித்துப் போட்டுவிட்டு, தாம் வேலை பார்த்த கல்குவாரியில் சம்பளம் கொடுக்கும் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று எழுதினார். முதல் சம்பளத்தைச் சுற்றியே நின்றார். சொல்லக்கூடாது என்று முடிவு செய்ததைச் சொல்லாமல் நின்றார். நன்றாக இருந்தது.

படத்தூண்டலைப் பற்றியும் தகவல் தூண்டலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெட்டுண்ட மரமும் அருகே வாடிய செடியும் போட்ட படத்தைக் கொடுத்தால், பிள்ளை படத்தைப் பார்ப்பதில்லை. கேட்டவர் என்ன விடையை எதிர்பார்க்கிறார் என்பதைப் பார்க்கிறது. மரம் வளர்ப்போம் என்ற முடிவு படத்துக்குள்ளேயே இருக்கும்போது எழுதுவதற்கு என்ன இருக்கிறது? முடிவைத் தனக்குள் வைத்திருக்கும் தூண்டல் எதுவாக இருந்தாலும் அதிலிருந்து வரும் எழுத்து ஒரே மாதிரி இருக்கும். தகவல் நிறைந்த தூண்டலும் அப்படித்தான். நம் மாவட்டத்துப் பள்ளிகள் சாத்தனூருக்குச் சுற்றுலா போய்வந்ததும் கல்மரக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு, இங்கே கடல் இருந்த காலம், 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். எல்லாக் குறிப்பேட்டிலும் இதே நான்கு செய்திகள், அறிவிப்புப் பலகையில் இருக்கும் வரிசையிலேயே. செய்திகள் உண்மையானவை, வியப்பானவை. அதனாலேயே பிள்ளை அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இங்கே தூண்டலை மாற்றினால் போதும். பலகையில் உள்ள எந்த எண்ணையும் பயன்படுத்தாமல், கல்மரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்ததை எழுதச் சொல்லுங்கள். கம்பிவேலிக்கு வெளியே நின்றபடி கையை நீட்டியவர் யார், வழியில் யார் என்ன சொன்னார்கள், எது மரம் மாதிரி இருந்தது, எது கல் மாதிரி இருந்தது. எண்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

தேர்வு எழுதும் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தேர்வறையில் குறிப்புகளை மடித்து வைத்துவிடாதீர்கள். அங்கே குறிப்புகள் எல்லாவற்றையும் தொட வேண்டும், உட்தலைப்பு போட வேண்டும், விடைத்தாள் திருத்துகிறவருக்கு ஒரு தாளுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். காளமேகத்துக்கு ஈற்றடி போல உங்களுக்குக் குறிப்பு வரிசை. அந்த ஆட்டத்துக்கு அதுதான் விதி. ஆனால் ஐந்தாறு குறிப்புகளில் ஏதாவது ஒன்றில் உங்கள் கையை உள்ளே விடுங்கள். அந்த மாணவி அதைத்தான் பின்னால் செய்தாள். தேர்வுக்கு எழுதிய வடிவத்தில் ‘உழவர் படும் துன்பம்’ பகுதியில் பட்டறையும் படலும் சூடும் நான்கு வாக்கியமாக வந்தன. தம்பி வரவில்லை, தம்பிக்கு அங்கே இடமில்லை என்று அவளே முடிவு செய்தாள். ‘அரசின் உதவிகள்’ பகுதி தனியாக, ‘எனவே’ இல்லாமல் தொடங்கியது. மூன்றாம் தாளை அவள் வீட்டில் வைத்திருக்கிறாள்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. குறிப்புச் சட்டகம் தயாரிக்கும்போது ஆறில் ஒன்றைக் காலியாக விடுங்கள். முன்னுரை, சிறப்பு, துன்பம், பிறகு ஒரு வெற்றுக்கோடு, பிறகு கடமை, முடிவுரை. அந்தக் கோட்டில் என்ன வர வேண்டும் என்பதை எழுதி முடித்த பிறகு பிள்ளையே நிரப்பட்டும். முதல் சில வாரங்கள் ‘அரசின் உதவிகள்’ என்றே நிரப்பும், கவலைப்படாதீர்கள். இரண்டாவது, வகுப்புப் பயிற்சித்தாளில் தலைப்பை விட்டு விலகிய வரியைக் கண்டால் அடிக்காமல், பென்சிலால் அடிக்கோடிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: யார் கை, எந்த இடம், எப்போது. மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டுமென்றால் குறைத்துக்கொள்ளுங்கள், கேள்வியை மட்டும் எழுதிவிடுங்கள். நாற்பது பிள்ளைகளின் தாளில் இது முடியுமா என்று கேட்பீர்கள். எல்லாத் தாளிலும் அப்படி ஒரு வரி இருக்காது. ஐந்தாறு தாளில்தான் இருக்கும்.

பேச்சு இத்துடன் போதும். வாசலில் வரும்போது உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வெள்ளைத்தாள் கொடுத்திருப்பார்கள். முதல் தாளில் ‘எங்கள் ஊர்’ என்று தலைப்பிட்டுப் பத்து நிமிடம் எழுதுங்கள். பெரியவர்களும்தான். பாடாலூர் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது என்று தொடங்கினாலும் பரவாயில்லை, தடுக்கவில்லை. எழுதி முடித்ததும் அடைப்புக்குறி போடும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொண்டு செய்வோம். இரண்டாம் தாள் அதற்குப் பிறகு.